பாட்டியின் முழங்கால்

உயிரில்லாத ஒரு கோட்டுருவத்துக்குக் காலடியோசை சேர்க்கும் காரியத்தில் ஈடுபட்டு அதை முடித்துக் கொடுத்து நாளாகிவிட்டது. ஆயினும் அந்தக் காரியம் என் மனத்தில் விட்டுச் சென்ற சங்கடம் ஒன்று இன்னும் நீங்கியபாடில்லை. என் தமக்கை மகள் தன் தோழியர் இருவருடன் சேர்ந்து வரைந்த, நான்கு நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட அனிமேஷன் குறும்படம் அது. ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் தனியே வாழும் ஒரு தமிழ்ப் பாட்டி, நள்ளிரவில் கீழே கதவு தட்டப்படுவது கேட்டு எழுந்து, இருட்டில் மாடிப்படி இறங்கி, முன்கூடத்தைக் கடந்து, கதவைத் திறந்து அஞ்சடியில் நிற்பவரைப் பார்க்கிறாள், கதை அவ்வளவே. பேச்சு ஒரு வார்த்தைகூட இல்லை. மனிதரை நடிக்கவைத்துப் பிடிக்கும் படமாயிருந்தால், படப்பிடிப்பின்போதே மைக்கில் விழுந்த ஏதோ ஓர் ஓசை, கரகரப்பாகவேனும் தெளிவில்லாமலேனும், பின்னால் வருகிறவனுக்கு ஓர் ஆதாரமாகக் கிடைத்திருக்கும். இந்தப் பாட்டி கணினித் திரையிலே பிறந்தவள். அவள் அடியெடுத்து வைத்தபோது உலகத்தில் எந்தத் தரையும் அதிரவில்லை. அவள் எழுப்பக்கூடிய ஒவ்வோர் ஓசையையும் வேறொருவர் தம் சரீரத்தைக் கொண்டும் வீட்டில் கிடைக்கும் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டும் உண்டாக்கித் தரவேண்டியிருந்தது. அவ்விதம் உண்டாக்கித் தந்தபோது நான் அவளுக்கு ஓசையை மட்டுந்தான் கொடுத்தேனா, அல்லது அவளுடைய வாழ்க்கையிலேயே, அவளைப் படைத்தவர்கள் அறியாத ஏதோ ஒன்றை எழுதிவிட்டேனா என்பதுதான் என் சங்கடம்.

இந்தக் கலைக்கு உலகெங்கும் ஃபோலி என்ற பெயர் வழங்குகிறது. யூனிவர்சல் படநிலையத்தில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயரால் வந்தது அது. 1929-இல், பெரும்பாலும் மௌனப் படமாகவே பிடித்து முடித்திருந்த ‘ஷோ போட்’ என்னும் படத்துக்குப் பிற்பாடு சப்தம் சேர்க்க நேர்ந்தபோது, ஃபோலியும் கூட்டாளிகளும் திரைக்கு முன்னே நின்று, வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, படத்தைப் பார்த்தபடி நடந்தும் தட்டியும் ஒலி எழுப்பினார்கள். அதுவரை நாடகமேடையும் வானொலியும் செய்துகொண்டிருந்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தகரத்தை அசைத்து இடியோசை காட்டியவனுக்கு, இடி என்று அறியப்பட்டாலே போதுமானதாயிருந்தது. படத்துக்கு முன்னே நின்றவனோ, இந்த மனிதனுடைய இந்த அடி என்று அறியும்படிச் செய்தாகவேண்டும். நம் நாட்டில் இதை நினைக்கும்போது எனக்கு ஆனந்தம் சேவியர் நினைவுக்கு வருகிறார். ஃபிலெம் நெகாராவில் பணியாற்றிய அவர் உருவாக்கி 1978-இல் முடித்த ‘ஹிக்காயத் சாங் கஞ்சில்’ மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் என்று போற்றப்படுகிறது. தொலைக்காட்சியில் அது வந்ததோ 1983-இல். அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் என் சிந்தை சித்திரத்தைவிட்டு அந்தச் சருகுமானின் குளம்புக்குப் போய்விடும். ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள பிராணி அது. குதிரைக்கு வழக்கமாக எடுக்கும் தேங்காய்ச் சிரட்டையை அதற்கு எடுத்தால், கண் மானைக் காணும், செவி குதிரையைக் கேட்கும். காய்ந்த பாக்கு இரண்டை விரல்களுக்கிடையே பற்றி, கொஞ்சம் உலர்ந்த இலைகளின்மேல் விரல்நுனிப் பலத்தோடு தட்டினால் அந்த எடை வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். இந்தத் தீவில் பாக்குக்கா பஞ்சம்?

நாங்கள் ஒலிப்பதிவு செய்தது என் வீட்டு மாடியறையில். ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு அமர்த்தப் பணமில்லாதவர்கள் அனைவரும் வீட்டைத்தான் நாடவேண்டும். வீடு என்பதோ ஒருபோதும் மௌனமாயிராத ஒரு ஸ்தலம் என்பது, மைக்கை வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிய மறுகணமே தெரிந்துவிடுகிறது. பகலில் மோட்டார்சைக்கிள், மாலையில் மழை, தகரக் கூரையாயிருந்தால் கேட்கவே வேண்டாம், இரவில் காற்றாடி, அண்டை வீட்டுக் குளிர்சாதனம், சுவரில் ஒட்டியிருந்து தக்க தருணம் பார்த்துச் சப்திக்கும் பல்லி. காற்றாடியை நிறுத்திவிடலாம், புழுக்கத்தைச் சகித்துக்கொள்ளலாம். குளிர்ப்பெட்டிதான் சூட்சுமமான சத்துரு. அதன் முனகல் அறையில் இருக்கிறவர்களுக்குக் கேட்பதே இல்லை. ஆனால் மென்மையான காலடியைப் பதிந்து, அதைப் பின்னர் உரக்க வைத்துக் கேட்கும்போது, ஒவ்வோர் அடியின் அடியிலும் அந்த முனகல் படிந்திருக்கும், அடிக்கும் அடிக்கும் இடையே ஒலியை வெட்டினால் முனகலும் வெட்டுண்டு விட்டுவிட்டுக் கேட்கும். ஆகையால் அதன் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, நள்ளிரவு கழிந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கும் முன்பாக உள்ள நேரத்தையே நாங்கள் தேர்ந்துகொண்டோம். சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பாமலிருக்க இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்திச் சாத்தினோம். சன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டோம். எந்த அறையின் எதிரொலியும் கலவாமல், உலர்ந்த நிலையில் ஓசையைப் பிடிப்பதே முறை. பாட்டியின் கூடத்தினுடைய எதிரொலியைப் பின்னால் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். என் அறையின் எதிரொலி ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் அதை எடுத்தெறிய வழியில்லை. நாங்கள் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில் பதிந்தோம். மைக்கைக் காலுக்கு மிக அருகே வைக்காமல் ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால், இடுப்புயரத்தில் வைத்தோம். மிக அருகே வைத்தால் அடியின் கனம் மிகைப்பட்டு, பாட்டி பூதமாகிவிடுவாள்.

காலடியோசை என்று நாம் சொல்வதில் பாதி காலுக்குச் சொந்தமில்லை. அது தரையின் சொத்து. செருப்பையும் பாதத்தையும் பற்றி எவ்வளவோ யோசித்துவிட்டு, தரையைப் பற்றி யோசிக்காமல் விடுவது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பொதுவாகக் காணும் குறை. ஜார்ஜ் டவுன் கடைவீட்டில் மாடித்தளம் மரப்பலகை. கீழ்த்தளம் செந்நிறச் சுட்ட களிமண் ஓடு. மாடித்தளத்தின் அடியில் வெற்றிடம் உண்டு. அந்த வெற்றிடமும் சேர்ந்துதான் ஒலிக்கிறது. தடித்த பலகை ஒன்றைச் சிமெண்டுத் தரைமேல் அப்படியே கிடத்தி நடந்தால் பலகை ஊமையாகிவிடும். அதன் இரு முனைகளையும் செங்கல்மேல் ஏற்றி வைத்தால், நடுவே கால் படும்போது ஓர் ஆழ்ந்த கும்மென்ற ஒலி பிறக்கிறது, அதுதான் மாடி. மெல்லிய ஒட்டுப்பலகையை எடுத்தால் அது பறையாகிவிடும். கீழ்த்தள ஓட்டுக்கு நேர்மாறான கஷ்டம்: தனி ஓடு ஒன்றைத் தரையில் வைத்துக் கால் வைத்தால், அது பீங்கான் தட்டைப்போலக் கிணுகிணுக்கும். ஆழமற்ற மரத்தட்டில் மணலைப் பரப்பி அதன்மேல் ஓட்டை அழுத்திப் பதித்த பின்னரே அது தன்னை ஒரு வீட்டின் பகுதியாக உணர்ந்ததுபோல் அடக்கமாக ஒலிக்கத் தொடங்கியது. பாட்டி வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவள். வெறுங்காலின் ஓசை மிகவும் நுண்மையானது. என் பாதமோ கனத்த பாதம், ஊன்றும்போது தரையில் விழும் அதிர்வு அதிகம், தோலின் ஒட்டலும் பிரிதலும் அந்த அதிர்வில் மறைந்துபோகின்றன. ஆகையால் பாட்டியின் பாதத்தை என் உள்ளங்கையால் செய்தேன். கையை ஈரத்துணியில் ஒருமுறை ஒற்றிக்கொண்டு, மணிக்கட்டை முதலில் ஊன்றி, உள்ளங்கையைச் சரியவிட்டு, விரல்களைக் கடைசியில் படியவிட்டால், குதிகாலும் நடுப்பாதமும் விரல்களும் முறையே தரையைச் சேரும் அந்த மூன்று சிறு சம்பவங்களும் கேட்கின்றன. ஈரம் கூடினால் குளியலறையாகிவிடும், குறைந்தால் காகிதமாகிவிடும்.

படத்தோடு ஒலியைச் சேர்ப்பதில் ஒரு கணக்கு உண்டு. அதைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் மேலே போக இயலாது. ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள். ஒரு பிம்பத்தின் ஆயுள் ஏறக்குறைய 42 மில்லிவிநாடி. சிறு குழுவினர் வரையும்போது பெரும்பாலும் ஒரு சித்திரத்தை இரண்டு பிம்பங்களுக்கு நிறுத்திவைப்பார்கள். ஆகவே கால் தரையைத் தொடும் சரியான கணம், வரையப்படாமலே இரண்டு சித்திரங்களுக்கு இடையில் நழுவிவிடுவது உண்டு. அப்போது ஒலியை முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா? பின்னே வைப்பதே உத்தமம். ஒலி படத்தை முந்திவந்தால் சுமார் 45 மில்லிவிநாடியிலேயே மனிதர் கண்டுகொள்கிறார்கள். பிந்திவந்தால் ஏறத்தாழ 125 மில்லிவிநாடிவரை பொறுக்கிறார்கள். இது இயற்கை நமக்குக் கற்பித்த பொறுமை: ஒரு பிம்பத்தின் காலத்தில் ஒலி பதினான்கு மீட்டர் தூரமே செல்கிறது, ஆகவே தெருவின் எதிர்ச்சாரியில் நடப்பவரின் அடியை நாம் எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் கேட்கிறோம், நடப்பதற்கு முன் கேட்ட அடி உலகில் இல்லை. இன்னொரு விஷயம், இது கணக்குக்கு அப்பாற்பட்டது. வரைகிறவர்கள் நடையை ஒரு சுழற்சியாக வரைந்து, அதே சித்திரங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கூடத்தைக் கடக்க வைக்கிறார்கள். உழைப்பைச் சேமிக்கும் நியாயமான உபாயம் அது. கண்ணும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதே நியாயத்தில் ஒரே காலடியைப் பதிந்து அதை நகலெடுத்து வரிசையாக வைத்தால், நாலாவது அடியிலேயே பாட்டி மறைந்து இயந்திரம் வந்துவிடுகிறது. சித்திரம் திரும்பலாம், ஓசை திரும்பக்கூடாது; முழு நடையையும் திரையைப் பார்த்தபடி ஆதியிலிருந்து அந்தம்வரை ஒருமுறையாக நடந்தே தீரவேண்டும். வரைந்தவள் ஒருமுறை நடந்ததை நான் பன்னிரண்டு அடியாக நடந்தேன் என்பதிலேயே என் சங்கடத்தின் வித்து இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. சுழற்சியில் இல்லாத வேறுபாடு என் கையிலிருந்துதானே அவள் நடைக்குள் போயிற்று?

மாடிப்படிக் காட்சிக்கு வந்தபோது இது வெளிப்படையாயிற்று. அந்தக் காட்சியில் பாட்டி முதுகைக் காட்டி இறங்குகிறாள். சேலை பாதங்களை முழுக்க மறைக்கிறது. வரைந்தவர்கள் அவளுடைய தலையும் தோளும் ஒவ்வொரு படிக்கும் சற்றுத் தாழ்வதை மட்டும் காட்டியிருந்தார்கள். நான் ஒரு படிக்கு ஓர் அடியாக, செங்கல்மேல் வைத்த பலகையில், வயதுக்கு ஏற்ற மெதுவோடு பதிந்து கொடுத்தேன். ஒவ்வோர் அடியும் அந்தந்தப் பிம்பத்தில் மிகச் சரியாக விழுந்தது. என் தமக்கை மகள் இரண்டுமுறை கேட்டுவிட்டு, “மாமா, சத்தம் எல்லாம் கரெக்டா விழுது. ஆனா பாட்டி இறங்குற மாதிரி இல்லையே, யாரோ வாலிபப் பொண்ணு இருட்டுன்னு பயந்து மெதுவா இறங்குற மாதிரி இருக்கு” என்றாள். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. முதுமை மெதுவில் இல்லை. முழங்கால் நோவுள்ளவர்கள் படி இறங்கும் விதத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: முதலில் கை கைப்பிடிக் கட்டையில் கீழ்நோக்கி நகர்ந்து இறுகப் பற்றும், அதன்பின் நோவுள்ள கால் கீழ்ப்படிக்கு இறங்கும், மேற்படியில் நிற்கும் நல்ல கால் மடங்கிச் சரீரத்தின் பாரத்தைத் தாங்கி இறக்கிவிடும், நோவுள்ள கால் அந்தப் பாரத்தை வெகுநேரம் தனியே சுமக்க ஒண்ணாதாகையால், நல்ல கால் விரைந்து வந்து அதே படியில் அதன் பக்கத்தில் சேரும், பிறகு ஒரு சிறு ஓய்வு. ஆகவே ஓசையின் வரிசை இது: உள்ளங்கை கட்டையில் வழுகும் ஒலி, மெல்லிய ஓர் ஊன்றல், அதைத் தொடர்ந்து நெருக்கமாகவும் உறுதியாகவும் ஓர் ஊன்றல், மௌனம். இதில் பலகையும் தன் பங்குக்கு இருமுறை பேசும். பாரம் ஏறும்போது ஒருமுறை, பாரம் விலகும்போது அதைவிடச் சன்னமாக ஒருமுறை. இரண்டாவது முனகலை விட்டுவிட்டால் அவள் படியைவிட்டு அகன்றதாகவே தோன்றாது. இந்த வரிசையில் மறுபடி பதிந்தோம். என் மனைவியின் பழைய பருத்திச் சேலையை மடித்து மார்புக்கு நேரே மைக்கருகில் பிடித்து, பாரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒருதரம் உரசி, அதைத் தனியாகப் பதிந்து, கேட்கிறதோ இல்லையோ என்னும்படித் தாழ்த்தி வைத்தோம்; நைலக்ஸ் சேலையானால் அதன் சீறல் காலடியை விழுங்கியிருக்கும். சேர்த்துப் பார்த்தபோது அறையிலிருந்த நால்வரும் சற்று நேரம் பேசவில்லை. திரையில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் அந்தப் பாட்டிக்கு வலது முழங்காலில் பல வருஷத்து நோவு இருந்தது.

வரைந்தவர்களில் ஒருத்தி அப்போது, “பாட்டிக்குக் கால் வலின்னு நாம முடிவே பண்ணலியே” என்று மெல்லச் சொன்னாள். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை, வியப்புத்தான். எனக்கோ அது உள்ளே தைத்தது. சேலைக்குள் மறைந்திருந்த பாதங்களைப் பற்றி அவர்களுக்கு அபிப்பிராயமே இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் நான் ஒரு நோயை வைத்தேன். கதையின் அர்த்தமும் சிறிது நகர்ந்துவிட்டது. நோவுள்ள முழங்காலோடு நள்ளிரவில் இத்தனை படிகள் இறங்குகிறவள், தட்டியது யாரென்று அறிந்தோ, யாராயிருக்கக்கூடும் என்று வெகுகாலம் எதிர்பார்த்தோதான் இறங்குகிறாள் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. வாலிபத்தின் அச்சநடையாக இருந்தவரை, அவள் அந்நியரின் வரவுக்குப் பயந்தவள். சித்திரம் ஒன்றே, அவள் மனம் இரண்டாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்ததற்கு ஒத்தாசை செய்யும் ஊழியம் என்றே இந்த வேலையைப் பலரும் சொல்வார்கள்; நானும் அப்படியே எண்ணி வந்தவன்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓசை தனியாகச் சாட்சி சொல்கிறது என்பதும், அந்தச் சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கப் பார்ப்பவருக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதும் அந்த இரவில்தான் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

கதவின் கிரீச்சிடல் இதைக் காட்டிலும் எளிதாயிருக்கும் என்று எண்ணினோம். கடைவீட்டுப் பழங்கதவுகளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. முன்னால் பிந்து பாகார் என்னும் செதுக்குவேலை செய்த அரைக்கதவு, அதன்பின் மேலும் கீழும் மரக்குமிழ்கள் குழிகளில் சுழலும் கனத்த இரட்டைக் கதவு. நண்பர் ஒருவரின் வீட்டில் அத்தகைய அசல் கதவையே பதிந்துவந்தோம். கேட்டால் அது கதவாகவே தோன்றவில்லை. மரம் மரத்தில் அரைபடும் நீண்ட உறுமல் அது, எதிரே நின்று பார்க்கும்போது கதவின் அசைவோடு சேர்ந்து கதவாக இருந்தது, அசைவு நீங்கியதும் ஏதோ மிருகமாகிவிட்டது. மேலும் அசல் கதவு நம் சொற்படி கேட்பதில்லை: படத்தில் கதவு திறந்து, பாதியில் நின்று, மறுபடி திறக்கிறது, அதுவோ தன் இஷ்டப்படி முனகி, வேண்டிய இடத்தில் மௌனம் சாதித்தது. ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் மரம் ஊறி ஒருவிதமாகவும், ஜனவரி பிப்ரவரி வறட்சியில் வேறுவிதமாகவும் அது பேசும் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆகவே கதவைவிட்டுக் கிரீச்சிடல் எதனால் உண்டாகிறது என்று பார்க்கவேண்டியதாயிற்று. ஒன்றையொன்று அழுத்திநிற்கும் இரு பரப்புகளில், நின்றிருப்பதை அசைக்க வேண்டிய பலம், அசைந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து அசைக்க வேண்டிய பலத்தைவிட அதிகம். ஆகையால் மெதுவாகத் தள்ளும்போது அது ஒட்டிக்கொள்கிறது, பலம் சேர்ந்ததும் சட்டென்று வழுகுகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு வழுகலும் ஒரு சிறு சொடுக்கு. விநாடிக்கு இருபதுக்குக் குறைவாயிருந்தால் சொடுக்குகளைத் தனித்தனியே கேட்கிறோம். அதற்குமேல் போனால் அவை ஒன்றுகூடிச் சுருதியாகின்றன. வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறது. கதவைத் திறக்கும் கையின் தயக்கம் முழுவதும் இந்தச் சுருதியின் ஏற்ற இறக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இது தெரிந்தபின் எங்களுக்கு வேண்டியது, கையில் அடங்கக்கூடிய ஓர் உராய்வு. மரக்கட்டையில் துளையிட்டு, அதில் இறுக்கமாகப் பொருந்தும் மரமுளை ஒன்றைச் செருகி, முளையில் வயலின் வில்லுக்குத் தடவும் ரோசின் தூளைச் சிறிது தேய்த்து, இரு விரல்களால் திருகினோம். கிரீச்சென்று வந்தது, ஆனால் சுண்டெலியின் குரல். அந்தக் கட்டையை ஒரு வெறும் தேக்குப்பெட்டியின் மூடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துத் திருகியபோது, பெட்டியின் வயிறு முழுவதும் அதை ஏற்று ஒலித்து, ஆள் உயரக் கதவொன்று திறக்கும் கனம் அதில் வந்து சேர்ந்தது. தம்புராவின் குடம் தந்திக்குச் செய்கிற உபகாரம் அது. முளையைத் திருகுகிற விரல் படத்தைப் பார்த்தபடியே நிற்கவும் தயங்கவும் தொடரவும் முடிந்தது. தாழ்ப்பாள் விலகும் ஒலியை என் வீட்டு அலமாரியின் இரும்புத் தாழிலிருந்தும், இரண்டு கதவுகள் பிரியும் அந்த முதல் விடுபடலை இறுக்கமான மூடியுள்ள மரப்பெட்டியிலிருந்தும் எடுத்துக் கிரீச்சிடலுக்கு முன்னே வைத்தோம். இதிலும் ஓர் அபாயம் காத்திருந்தது. கிரீச்சிடும் கதவு என்பது வெகுகாலமாகப் பேய்ப்படங்களின் உடைமையாகிவிட்டது. அதைச் சற்றே நீட்டினால் போதும், பார்ப்பவர் அஞ்சடியில் பிரேதத்தை எதிர்பார்ப்பார். முழங்கால் சொன்ன கதையைக் கதவு மறுத்துப் பேசிவிடும். ஆகவே சுருதியாக ஏறும் பகுதியை அகற்றி, தனித்தனிச் சொடுக்குகளாகக் கேட்கும் தாழ்ந்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டோம். பாட்டியின் கை நிற்கும்போது அதுவும் நின்றது. மிக அழகாக வந்திருந்த நீண்ட கிரீச்சிடல் ஒன்றைக் கைவிட நேர்ந்ததில் எனக்கு மனக்கஷ்டம் இருந்தது உண்மை. ஆனால் அது வேறொரு வீட்டின் கதவு.

பொய்யான சாமான்களிலிருந்து மெய்யான ஓசை பிறக்கிறதே என்று இந்த வேலையைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்படுவதுண்டு. எனக்கு அந்த ஆச்சரியம் இல்லை. எந்த ஓசையும் இரண்டு பொருள்களின் சந்திப்பேயன்றிப் பொருளின் பெயரன்று, மரமும் மரமும் எப்படிச் சந்தித்தன என்பதை உள்ளபடி காட்டுகிற முளை, கதவுக்குத் துரோகம் செய்யவில்லை. என்னைத் தொந்தரவு செய்வது வேறு. வரைந்தவளுக்கு ஒரு கோட்டை அழித்து வேறு கோடு போடும்போது தான் ஒன்றை முடிவு செய்கிறோம் என்பது தெரிகிறது. சக சித்திரக்காரர்கள் அதைப் பார்க்கிறார்கள், விவாதிக்கிறார்கள். ஓசை அமைக்கிறவனின் முடிவுகள் கையின் ஈரத்திலும், இரண்டு ஊன்றல்களுக்கு இடையேயான நொடியிலும் மறைந்து, எவருடைய சம்மதத்தையும் கோராமல் உள்ளே போய்விடுகின்றன. பாட்டிக்கு முழங்கால் நோவு இருந்தது நல்லதாயிற்று என்று என் தமக்கை மகள் முடிவு செய்தாள். படி இறங்கியபின் கூடத்தில் பாட்டி நடக்கும் சுழற்சியையும் வலதுபுறம் சற்றே தாழும்படித் திருத்தி வரைந்தாள். அவள் அதை ஏற்காதிருந்தால் முதல் பதிவையே வைத்திருப்போம், அதுவும் பிம்பத்துக்குப் பிம்பம் சரியாகத்தான் இருந்தது. சரியாயிருப்பது இந்த வேலையில் போதாது என்பதே அந்தப் பதிவைக் குறித்து என் தீர்ப்பு.

அனிமேஷன் வரையும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. எந்தப் பிம்பத்தில் எந்தச் சித்திரம் என்று நீங்கள் குறித்துவைக்கும் அட்டவணைத் தாளில் ஒலிக்கென்று ஒரு பத்தி இருக்கிறது. பேச்சில்லாத படங்களில் அதைப் பெரும்பாலும் காலியாக விட்டுவிடுகிறீர்கள், அல்லது “காலடி”, “கதவு” என்று எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். அந்தப் பத்தியில் பாரம் எந்தக் காலில் இருக்கிறது, காலுக்குக் கீழே என்ன தரை, கை எதைப் பற்றியிருக்கிறது, கதவைத் திறக்கிறவர் எங்கே தயங்குகிறார் என்று எழுதுங்கள். சேலைக்குள் மறைந்திருக்கும் பாதத்துக்கும் எழுதுங்கள். எழுதத் தெரியவில்லையானால், சித்திரங்களை முடித்து நிறம் தீட்டும்வரை காத்திராமல், ஓசை அமைக்கிறவரை அப்போதே அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.